நான் சிவப்பு அடித்த லிஃப்ட் கட்டுரை

நான் எங்கள் கல்லூரி இதழின் தமிழ்ப் பகுதிக்கு ஆசிரியர் ஆவதற்கு முந்தைய இதழில் தாய்மொழியைப் பற்றி ஒரு கவிதை வந்தது. மொத்தம் பதினாறு வரி. தலைப்புக்கும் முதல் வரிக்கும் நடுவில், "நிச்சயமாக! நீங்கள் கேட்டபடி உணர்ச்சிபூர்வமான ஒரு கவிதை இதோ" என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. எழுதியதாகச் சொன்னவனும் அதைப் பார்க்கவில்லை, பக்கம் போட்டவனும் பார்க்கவில்லை, மெய்ப்புப் பார்த்தவர்களும் பார்க்கவில்லை. இதழ் கைக்கு வந்த அன்றே கேன்டீனில் டீ கேட்டால் கூட "நிச்சயமாக! நீங்கள் கேட்டபடி ஒரு டீ இதோ" என்று நீட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு மாதம் இது ஓடியது.

அந்தக் கேலி ஓய்வதற்குள் பொறுப்பு என் கைக்கு வந்தது. அப்போது நான் மூன்றாம் ஆண்டு. ஆவடியில் அப்பாவின் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸிலிருந்து வேலப்பன்சாவடிக்குத் தினமும் கல்லூரிப் பேருந்தில் வந்துபோவேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்தால் உடனே போகாது. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டே என்னை ஆசிரியராகப் போட்டார்கள். என் காலத்தில் ஒரு வரி, ஒரே ஒரு வரி கூட இயந்திரம் எழுதியது அச்சாகக் கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

முதல் வேலையாக ஓர் அறிவிப்பு எழுதி ஒவ்வொரு பிளாக்கிலும் ஒட்டினேன். "செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதப்பட்ட படைப்புகள் கண்டறியப்பட்டால், அனுப்பியவரின் பெயர் அறிவிப்புப் பலகையில் வெளியிடப்படும்." கடைசியில் இரண்டு ஆச்சரியக்குறி வேறு.

என்னுடன் துணை ஆசிரியராக இருந்தவன் மெக்கானிக்கல் படித்தவன், அம்பத்தூர்க்காரன். பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேயே. அவன் அந்த அறிவிப்பின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று முழுவதையும் படித்தான்.

"இன்னா மச்சி இது, கதை கேக்குறியா, கேஸு போடுறியா?" என்றான்.

அதைக் காதில் வாங்காமல் அடுத்த பிளாக்கில் ஒட்டப் போனேன். ஆனால் பத்து நாளில் வந்தது மொத்தம் நான்கு படைப்பு. அதில் இரண்டு போன வருடம் வேறு போட்டிக்குக் கொடுத்தது. முதலாமாண்டிலிருந்து ஒன்று கூட இல்லை. எங்கள் பொறுப்பாசிரியை, தமிழ்த்துறை மேடம், நூலகத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் அறைக்கு வந்து படைப்புகள் போட வைத்திருந்த பெட்டி ஏறக்குறைய காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, எழுதாதவங்க பேரையும் போர்டுல போடப் போறியா?" என்று கேட்டார். அன்று மாலையே எல்லா அறிவிப்பையும் நானே கிழித்தேன். கோந்து அதிகமாகத் தடவியிருந்தேன். பாதி வரவே இல்லை.

அடுத்த அறிவிப்பைத் துணை ஆசிரியன் எழுதினான். தப்பிருந்தாலும் பரவாயில்லை, முதல் முறையாக இருந்தாலும் பரவாயில்லை, தமிழில் டைப் அடிக்கத் தெரியாவிட்டால் நோட்டில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், நாங்கள் அடித்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தான். அந்தக் கடைசி வரி எனக்குப் பிடித்தது. கையால் எழுதியதென்றால் சொந்தமாக எழுதியதாகத்தான் இருக்கும் என்று நான் நினைத்தேன். எழுத வருபவர்களுக்கும் பயம் விட்டது. இரண்டு வாரத்தில் முப்பதுக்கு மேல் வந்து குவிந்தது. அதில் பதினொன்று நோட்டுப் பக்கங்களின் போட்டோ.

படைப்புகளைச் சலிப்பதற்கு இணையத்தில் ஒரு கருவி இருப்பதாக யாரோ மேடத்திடம் சொல்லியிருந்தார்கள். எழுத்தை உள்ளே போட்டால் இத்தனை சதவீதம் இயந்திரம் எழுதியது என்று சொல்லுமாம். மூன்று பேரும் உட்கார்ந்து பரிசோதித்தோம். முதலில் அந்தப் புகழ்பெற்ற "நிச்சயமாக" கவிதையைப் போட்டோம், அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டு. ஒன்பது சதவீதம் என்றது. பிறகு நான் பிளஸ் டூ படிக்கும்போது போட்டி அறையில் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து எழுதிப் பரிசு வாங்கிய கட்டுரையைப் போட்டோம். எண்பத்துநாலு சதவீதம் என்றது. துணை ஆசிரியன் மேசையில் தலையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு சிரித்தான். எனக்கு முகம் சிவந்துவிட்டது. மேடம் மடிக்கணினியை மூடி, "இது வேண்டாம், படிச்சே பாருங்க" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

படித்துப் பார்ப்பது என்றால் எனக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. என் மூக்கின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. இயந்திரம் எழுதினால் எனக்கு வாசனை வரும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எந்தப் பொருளும் அந்தப் பொருளாக மட்டும் இருக்காது, "வெறும்" அது அல்ல, அதற்கு மேல் ஏதோ ஒன்று என்று வரும். எதைச் சொன்னாலும் மூன்று மூன்றாக வரும். பத்தி முடியும் இடத்தில் ஒரு உபதேசம் நிற்கும். யாருக்கும் பசிக்காது, யாரும் பஸ்ஸைத் தவறவிட மாட்டார்கள், எந்தத் தெருவுக்கும் பெயர் இருக்காது. இதெல்லாம் மனிதர்களும் எழுதுகிற விதம்தான், பள்ளிக்கூடத்தில் நமக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. என் கட்டுரைக்கு ஏன் எண்பத்துநாலு வந்தது என்று ஐந்து நிமிடம் யோசித்திருந்தாலே உறைத்திருக்கும்.

எங்கள் வேலை இப்படி நடந்தது. வந்த படைப்புகளை எல்லாம் துணை ஆசிரியன் டைப் செய்த கோப்பாக ஒரு பொது ஃபோல்டரில் போடுவான். நான் அவற்றைப் படித்து, ஒரு ஷீட்டில் வண்ணம் அடிப்பேன். பச்சை என்றால் அச்சுக்கு. மஞ்சள் என்றால் திருத்தி வாங்க வேண்டியது. சிவப்பு என்றால் இயந்திரம். சிவப்பு அடித்ததை இன்னொருவரும் படித்து ஒப்புக்கொண்டால்தான் நிராகரிக்க வேண்டும் என்பது மேடம் போட்ட ஒரே விதி. அதற்கு ஒரு கட்டம் இருந்தது. துணை ஆசிரியன் அதில் டிக் போடுவான்.

நான் மொத்தம் நான்குக்குச் சிவப்பு அடித்தேன். அதில் ஒன்று முதலாமாண்டு கணினி அறிவியல் மாணவி ஒருத்தி எழுதியது. ஐயப்பன்தாங்கலில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடி லிஃப்ட் பற்றிய கட்டுரை. "மின்தூக்கி என்பது வெறும் இயந்திரம் அல்ல, அது மனித உறவுகளின் கண்ணாடி" என்று தொடங்கியது. எனக்கு அங்கேயே சுருக்கென்றது. கீழே போகப் போக இன்னும் மோசம். "பிறருக்காக எப்போதும் விட்டுக்கொடுக்கும் என் அன்னையின் புன்னகையில் தியாகத்தின் ஒளி மிளிர்கிறது" என்று ஒரு வரி. எந்த முதலாமாண்டுப் பெண் லிஃப்டை மின்தூக்கி என்கிறாள்? எந்தப் பெண் அம்மாவைப் பற்றி இப்படிப் பேசுகிறாள்? அடர் சிவப்பில் அடித்தேன். அடுத்த கட்டத்தில் ஏற்கெனவே டிக் இருந்தது.

அவளுக்கு வாட்ஸ்அப்பில் நானே எழுதினேன். அதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. "உங்கள் கட்டுரை உங்கள் சொந்த எழுத்தாகத் தெரியவில்லை. இதழில் வெளியிட இயலாது. சொந்தமாக எழுதிப் பழகுங்கள்." கண்ணியமாக எழுதிவிட்டதாக எனக்கு நினைப்பு.

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "சரி அக்கா. மன்னிச்சிருங்க."

"பாத்தியா, ஒத்துக்கிட்டா" என்று துணை ஆசிரியனிடம் ஃபோனைக் காட்டினேன். செய்யாதவள் எதற்கு மன்னிப்புக் கேட்கிறாள் என்பது என் கணக்கு. அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "பாவம் மச்சி, சின்னப் பொண்ணு" என்று மட்டும் சொன்னான். மற்ற மூவருக்கும் அடுத்த நாள் எழுதலாம் என்று விட்டுவிட்டேன். அந்தச் சோம்பலுக்கு இன்று வரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த நாள் என் தலையங்கம் வர வேண்டிய நாள். எனக்கும் கையால் எழுதித்தான் பழக்கம். இரண்டு பக்கம் எழுதி முந்தைய நாளே போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பியிருந்தேன். மதிய இடைவேளையில், தயிர்சாதத்தை ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே, ஃபோல்டரில் என் தலையங்கத்தைத் திறந்தேன்.

"இது வெறும் இதழ் அல்ல, இளைய தலைமுறையின் கனவுகள், கற்பனைகள், களிப்புகள் சங்கமிக்கும் களம்" என்று இருந்தது.

நான் எழுதியது, "போன இதழில் நாம் எல்லோரும் சேர்ந்து அசடு வழிந்தோம், இந்த முறை கொஞ்சம் பார்த்து நடப்போம்" என்று. அந்த அசடைக் காணவில்லை. நான் திட்டியிருந்த இடத்திலெல்லாம் யாரோ பன்னீர் தெளித்திருந்தார்கள். கடைசியில் "ஒன்றிணைவோம், உயர்வோம், ஒளிர்வோம்" என்று வேறு முடிந்தது.

டப்பாவை மூடவில்லை, கை கழுவவில்லை. நூலகத்துக்குப் பின்னால் ஓடினேன். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிடுங்கினேன்.

"என் தலையங்கத்துல யார் கை வெச்சது?"

"நான் தான் டைப் பண்ணேன். இன்னாத்துக்கு கத்துற? சோத்துக் கைய்யோட வந்து கீற."

"நீ டைப் பண்ணியா? உண்மையச் சொல்லு."

அவன் ஹெட்போன் ஒயரைச் சுற்றி வைத்தான். பிறகு சொன்னான். "பதினோரு பேரோடதையும் கையால அடிச்சா என்னிக்கு முடிக்கிறது? போட்டோவ அந்த ஏஐ ஆப்புல போட்டு, தப்பில்லாம நல்ல தமிழ்ல டைப் பண்ணி குடுன்னு சொன்னேன். அது குட்த்துச்சு. நான் எட்த்து ஒட்டிகினே வந்துட்டேன். அது சொந்தமா எழுதும்னு எனுக்கு இன்னா தெரியும்?"

"படிச்சுப் பாக்கலியா?"

"அதான் நானே டைப் பண்ணேனே, திரும்ப இன்னாத்துக்குப் படிக்கணும்னு வுட்டுட்டேன்."

அவன் போட்ட டிக்குகளின் ரகசியமும் அப்போதுதான் தெரிந்தது. டைப் பண்ணும்போதே படித்த மாதிரிதான் என்று எல்லாவற்றுக்கும் வரிசையாக டிக் போட்டிருக்கிறான். டைப் செய்ததும் அவன் இல்லை, படித்ததும் அவன் இல்லை.

நான் அவனைத் திட்ட வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கு லிஃப்ட் ஞாபகம் வந்தது.

"அந்த லிஃப்ட் கட்டுரை, அது டைப் பண்ணி வந்துதா, போட்டோவா வந்துதா?"

அவன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினான். நல்லவேளை, வந்த போட்டோக்களை எல்லாம் தனி ஃபோல்டரில் அப்படியே வைத்திருந்தான், ஒன்றைக் கூட அழிக்கவில்லை. நாலு கோடு போட்ட நோட்டில், நீல மையில், சாய்ந்த கையெழுத்து. ஓரத்தில் எண்ணெய்க் கறை. நான் சத்தமாகப் படித்தேன்.

"எங்க பிளாட் லிஃப்டுல ஆறு பேர் போகலாம்னு எழுதி இருக்கும். ஆனா அஞ்சாவது ஆள் ஏறினாலே அது கத்தும். கத்தினா எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாப்பாங்க. யாரும் அசைய மாட்டாங்க. எங்க அம்மாதான் இறங்குவா. ரெண்டாவதா ஏறி இருந்தாலும் அவதான் இறங்குவா. நான் படியில வாரேன்னு சொல்லி சிரிச்சுகிட்டே இறங்குவா. அந்த சிரிப்பு எனக்கு பிடிக்காது."

மீதியை மனதுக்குள் படித்தேன். தென்காசிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த குடும்பம். அப்பா கம்ப்யூட்டர் வேலை. அந்தக் கட்டடத்தில் யாரையும் தெரியாது. நாலாவது மாடி வரை அம்மா படியேறி வருவதற்குள், மேலே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இவள் காத்திருப்பாள். ஒரு நாள் இவள் வேண்டுமென்றே அம்மாவை இறங்க விடாமல், கையைப் பிடித்துக்கொண்டு, லிஃப்ட் கத்தக் கத்த நின்றிருக்கிறாள். கடைசியில் ஒரு மாமா முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாராம். கட்டுரை அவ்வளவுதான். எழுத்துப் பிழை எண்ணி மாளாது. இரண்டு இடத்தில் 'லிஃப்டு', ஒரு இடத்தில் 'லிப்டு'. எங்களுக்கு வந்த முப்பத்து சொச்சத்தில் அதைப் போல ஒன்று இல்லை. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது என்று இவள் எழுதியதை, அந்த ஆப் புன்னகையில் ஒளி மிளிர்கிறது என்று ஆக்கி வைத்திருக்கிறது. நான் அதைப் பிடித்துக்கொண்டு அவளிடம் போய் சொந்தமாக எழுதிப் பழகு என்று சொல்லியிருக்கிறேன்.

துணை ஆசிரியன் மடிக்கணினியை மூடி வைத்தான். பிறகு, "நான் தான் மச்சி தப்பு. நான் போய் சொல்றேன்" என்றான். எனக்கு அவன் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவனாவது சோம்பேறி. நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தவள்.

அவளுக்கு ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை. வகுப்புக்குப் போனேன். அவள் லேபில் இருந்தாள். பக்கத்து பெஞ்சில் உட்காரும் பெண்ணிடம் கேட்டபோது, "அவ தமிழ் மன்றக் குரூப்ல இருந்து நேத்தே வெளிய போய்ட்டாக்கா. இனிமே எழுத மாட்டேன், எனக்கு வரலைன்னா" என்றாள். எனக்கு அங்கேயே அழுகை முட்டியது. ஒருத்தி முதல் முறையாக எழுதி அனுப்புகிறாள், அதையும் அம்மாவைப் பற்றி, அதுவும் இவ்வளவு நன்றாக. அவள் வாழ்நாளில் திரும்ப எழுதாமல் போவதற்கு நான் காரணமாக இருந்தேன் என்றால் என்ன செய்வது என்று யோசித்தபடி வராண்டாவில் நின்றேன்.

மாலை மூன்றே முக்காலுக்குப் பேருந்துகள் கிளம்பும். ஐயப்பன்தாங்கல் போகும் பேருந்துக்கு முன்னால் நின்றுகொண்டேன். துணை ஆசிரியனும் வந்து நின்றான். அவள் வந்தாள். ஒல்லியாக, பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு. என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. பெயரைப் பலகையில் போடத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்தாள் போல. அந்த அறிவிப்பை நான் கிழித்தது எத்தனை பேருக்குத் தெரியும்?

"அக்கா, நான் அந்தக் கட்டுரைப் போட்டோவ அழிச்சிட்டேன் அக்கா" என்றாள் முதலிலேயே.

"எதுக்கு அழிச்ச? நீ ஒண்ணும் பண்ணலையே."

அவள் முழித்தாள். "இல்லக்கா, பண்ணேன். 'அலாரம்'ன்றதுக்குத் தமிழ்ல என்னன்னு ஃபோன்ல கேட்டேன். அது ஏதோ சொல்லுச்சு. எழுதல, ஆனா கேட்டேன். அது உங்களுக்குத் தெரிஞ்சிருச்சோன்னு நெனச்சேன்."

அவள் கேட்ட மன்னிப்பு அதற்குத்தான். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் பார்த்ததற்கு. அதையும் கட்டுரையில் பயன்படுத்தவில்லை.

நான் நடந்ததைச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. டைப் செய்யும்போது ஆப் மாற்றி எழுதியதை, அதைப் படித்து நான் சிவப்பு அடித்ததை, அவள் எழுதிய போட்டோவை நான் இன்று மதியம்தான் முதல் முறையாகப் பார்த்ததை. துணை ஆசிரியன் நடுவில் புகுந்து, "தங்கச்சி, அக்கா மேல தப்பில்ல, நான் தான்" என்றான். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அவள் பேருந்தில் ஏறவில்லை. அப்படியே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் எழுதினது நல்லா இருக்காக்கா?" என்று கேட்டாள்.

"இந்த இதழ்லயே அதுதான் நல்லா இருக்கு" என்றேன். உபசாரத்துக்குச் சொல்லவில்லை. அவள் முகம் மாறியதைப் பார்த்தபோது, மதியத்திலிருந்து என் நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருந்து இப்போது எழுந்து போன மாதிரி இருந்தது.

"அம்மைட்ட சொல்லிட்டேன்க்கா, செலக்ட் ஆகலன்னு. இப்ப மாத்திச் சொல்லணும்" என்றாள். பிறகு ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். பேருந்து நகர்ந்தபோது ஜன்னலிலிருந்து கை காட்டினாள். துணை ஆசிரியன் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான்.

மறுநாள் மேடத்திடம் போய் ஒப்பித்தோம். திட்டுவார் என்று நினைத்தோம். "அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுதே" என்று பெருமூச்சு விட்டார். போன இதழிலிருந்தே பிடித்து வைத்திருந்த மூச்சு அது என்று நினைக்கிறேன்.

அந்தப் பதினொன்றையும் போட்டோவோடு வரிக்கு வரி ஒத்துப் பார்த்தோம். ஒன்றிரண்டில் சில சொற்கள் மட்டும் மாறியிருந்தன. மூன்றில் பத்தி பத்தியாக மாறியிருந்தது. ஒரு பையன் எழுதிய நசரத்பேட்டை டோல்கேட் நெரிசல் கதையில் இல்லாத ஒரு மழையைக் கொண்டு வந்து பெய்ய விட்டிருந்தது. "ஒரு எழுத்தையும் மாற்றாதே" என்று கண்டிப்பாகச் சொல்லிப் போட்டுப் பார்த்தோம். அப்போதும் அங்கங்கே தன் கைவரிசையைக் காட்டியது. கையெழுத்து புரியாத இடத்தில் புரியவில்லை என்று சொல்லாமல் தானே ஒன்றை இட்டு நிரப்பியது. கடைசியில் துணை ஆசிரியன் ஒரு வழி கண்டுபிடித்தான். போட்டோவைப் பார்த்துத் தானே வாய்விட்டுப் படிப்பான், ஃபோனில் குரல் தட்டச்சு அதைக் கேட்டு எழுதும். அவன் பேசும் தமிழுக்கு அது திணறித் திணறி ஆயிரம் தப்புப் போட்டது. ஆனால் தப்பாகக் கேட்டதே தவிர, சொந்தமாக எதுவும் சொல்லவில்லை. தப்புகளை நான் போட்டோவோடு வைத்துத் திருத்தினேன். ஒரு வாரம் தொண்டை கட்டிப்போய் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தான். செய்த பாவத்துக்குப் பரிகாரம் என்றான்.

நான் சிவப்பு அடித்த நான்கில் மூன்று, ஆப் மாற்றி எழுதிய எங்கள் வீட்டுச் சரக்கு. நான்காவது நிஜமாகவே இயந்திரம் எழுதியது, நேரே டைப் செய்தே வந்தது. இந்த முறை வாட்ஸ்அப் வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம். முதல் முறை எழுதுபவர்கள் எல்லோரையும், பச்சையோ சிவப்போ, ஒவ்வொருவராகக் கேன்டீனுக்கு வரச் சொல்லிப் பேசுவது என்று முடிவு செய்தோம். எல்லோரையும் கூப்பிட்டால் யாருக்கும் நம்மை மட்டும் ஏன் கூப்பிட்டார்கள் என்று இருக்காது. நீ எழுதினாயா என்று கேட்பதில்லை. இது எப்படி எழுத வந்தது, எங்கே நிறுத்திவிட்டு யோசித்தாய், எதை அடித்துவிட்டாய் என்று கேட்போம். எழுதியவர்கள் இதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் டீ ஆறிப்போகும். அந்த நான்காவது பையன் டீயைச் சுழற்றிக்கொண்டே, "அண்ணா, நான் பத்தாவது வரைக்கும் ஹிந்தி எடுத்துப் படிச்சவன். என் தமிழ் அசிங்கமா இருக்கும்னு அதுகிட்ட கேட்டேன்" என்று தானாகவே சொல்லிவிட்டான். அசிங்கமாகவே எழுது என்று துணை ஆசிரியன் சொன்னான். எழுதிக்கொண்டு வந்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவன் அண்ணன் வேலை செய்யும் கம்பெனியில் மதியச் சாப்பாட்டு வரிசையைப் பற்றி ஒன்றரைப் பக்கம். அசிங்கமாகத்தான் இருந்தது. மஞ்சள் அடித்தேன். இரண்டு முறை திருத்தி வாங்கி அச்சுக்குப் போனது.

இந்த முறையில் தப்பித்துப் போனவர்கள் யாரும் இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவன் எங்களை ஏமாற்றியிருக்கலாம். இருக்கட்டும். சொந்தமாக எழுதியவள் ஒருத்தி மன்னிச்சிருங்க என்று சொல்லும்படி நேர்வதை விட அது எவ்வளவோ மேல் என்று எனக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

இதழ் வந்தது. லிஃப்ட் கட்டுரை, எழுத்துப் பிழைகளை மட்டும் சரிசெய்து, அவள் எழுதியபடியே ஐந்தாம் பக்கத்தில் வந்தது. யாரும் எதையும் கேலி செய்யவில்லை. பெட்டி பெட்டியாக வந்த இதழ்களைப் பிரித்து ஒவ்வொரு பக்கமாக நானும் அவனும் புரட்டிப் பார்த்தோம். நிச்சயமாக என்று எங்கும் இல்லை. அவன் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, "தப்ச்சோம்டா சாமி" என்றான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கால் வலித்தது, பசித்தது, சிரிப்பு வந்தது.

இரண்டு மாதம் கழித்து, அடுத்த இதழுக்கு இன்னும் அறிவிப்பே போடாத நாளில், அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் நான்கு போட்டோ வந்தது. நாலு கோடு நோட்டு, நீல மை. அந்த அடுக்குமாடியில் அவள் அம்மா பக்கத்து வீட்டுக்காரம்மாவோடு முதல் முறையாகச் சாப்பாடு மாற்றிக்கொண்டதைப் பற்றி எழுதியிருந்தாள். கீழே ஒரு செய்தி. "அக்கா, இதை நீங்களே டைப் பண்ணுங்க. வேற யாரும் வேண்டாம்."

நான்தான் அடித்தேன். எந்த ஆப்பையும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூராவும் உட்கார்ந்து எழுத்து எழுத்தாக அடித்தேன். பெருமையாக அனுப்பி வைத்தேன், சரி பார்த்துச் சொல் என்று.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "அக்கா, ரெண்டாவது பக்கத்துல நான் வெஞ்சனம்னு எழுதி இருந்தேன். நீங்க தொட்டுக்கைன்னு போட்டிருக்கீங்க. எங்க ஊர்ல வெஞ்சனம்தான். மாத்திருங்க."

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெஞ்சனம் என்றுதான் இருந்தது. நான் எப்போது மாற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை. சாதத்துக்குத் தொட்டுக்கொள்வதை எங்கள் வீட்டில் தொட்டுக்கை என்போம். கை தானாக அடித்திருக்கிறது.

மாற்றினேன். "மன்னிச்சிரு" என்று எழுதி அனுப்பினேன்.